லோகோ இல்லாத வீடியோதான் ஆர்டர் கொண்டுவருகிறது

கோலாலம்பூரில் இருந்துகொண்டு ஊரில் உள்ள சொந்தங்களுக்குச் சீர், பலகாரம், துணிமணி வாங்கிக் கொடுக்கச் சொல்பவர்களுக்கு அதைச் செய்து கொடுப்பது எங்கள் தொழில். மஸ்ஜித் இந்தியா பக்கத்தில் மாடியில் ஒரு சின்ன அறை, தேவகோட்டையில் என் மைத்துனரும் இரண்டு பையன்களும் ஒரு வேனும், அவ்வளவுதான் கம்பெனி. இதே மாதிரி ஆரம்பிக்கலாம் என்று நினைக்கிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது "ஃபேஸ்புக்ல மாசம் எவ்வளவு வெள்ளி விளம்பரத்துக்குப் போடுறீங்க" என்பதுதான், வெள்ளி என்று நாங்கள் சொல்வது ரிங்கிட்டை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்குமுன் வாங்குகிறவர் யார் என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் அங்கேதான் நிறையப் பேர் வழி தவறிப் போகிறார்கள்.

மோன்ட் கியாராவில் ஐ.டி. வேலையில் இருக்கும் நம் ஆள் எங்களிடம் வரமாட்டார். அவரிடம் இந்திய வங்கிக் கணக்கு இருக்கிறது, செயலியில் நாலு தட்டு தட்டினால் சென்னையில் அம்மா வீட்டு வாசலில் பெட்டி வந்து நிற்கும். எங்களிடம் வருகிறவர் பெர்மிட்டில் வந்து சாப்பாட்டுக் கடையிலும் முடிதிருத்தும் கடையிலும் மளிகைக் கடையிலும் வேலை பார்க்கிறவர். இந்திய சிம் எப்போதோ செத்துப்போயிருக்கும், ஓ.டி.பி. வராது. வீட்டு முகவரி என்று கேட்டால் "பிள்ளையார் கோவில் தாண்டி மூணாவது வீடு, சங்கிலி வீடுன்னு கேளுங்க" என்பார். அதைவிட முக்கியம், அவருக்கு வேண்டியது பொருள் மட்டுமில்லை, செய்முறை. அக்கா பிள்ளைக்குக் காது குத்து என்றால் தாய்மாமன் தட்டு சபைக்கு வரவேண்டும், அதுவும் நேரத்துக்கு வரவேண்டும், நாலு பேர் பார்க்க வரவேண்டும். எந்த கூரியர்காரரும் இதைச் செய்யமாட்டார்.

இதில் பணம் கொடுப்பவர் இங்கே இருக்கிறார், பொருளைப் பார்ப்பவர் அங்கே இருக்கிறார். நாங்கள் நல்லவர்களா மோசமானவர்களா என்று முடிவு செய்வது அங்கே இருக்கிற அம்மாவோ அக்காவோதான். ராத்திரி போன் போட்டு "எல்லாம் நல்லா இருந்துச்சுப்பா" என்று அவர்கள் சொன்னால் அடுத்த ஆர்டர் உண்டு, "வந்துச்சு" என்று மட்டும் சொன்னால் இல்லை. எங்கள் ஃபேஸ்புக் பக்கத்தில் எத்தனை லைக் விழுந்தது என்று அந்த அம்மாவுக்குத் தெரியவும் தெரியாது.

லைக் என்றதும் ஒன்று சொல்லவேண்டும். மைலோ டின், கோடாலித் தைலம், பிஸ்கட் டின், போர்வை இதையெல்லாம் அடுக்கி வைத்து ஒரு படம் போட்டால் லைக் அள்ளும், "ஊருக்கு அனுப்புவீங்களா" என்று கமெண்ட் குவியும். நாங்கள் போடுவதில்லை. 2019 டிசம்பரில் இந்திய அரசு போட்ட உத்தரவுப்படி, தபாலிலோ கூரியரிலோ வருகிற பொருளை அன்பளிப்பு என்று சொல்லி வரி இல்லாமல் எடுக்க முடியாது. ராக்கிக்கும் உயிர்காக்கும் மருந்துக்கும் மட்டும்தான் விலக்கு. முழு வரியையும் கட்டினால் எடுக்கலாம், ஆனால் மைலோ டின்னுக்கு வரி கட்டி, சுங்கத்தில் நிற்க வைத்து, அக்காவை அலையவிட்டு அனுப்புவதில் என்ன இருக்கிறது? அந்தச் சாமான்கள் ஊருக்குப் போகிற பங்காளி பெட்டியில் போகட்டும். நாங்கள் விற்பது ஊரிலேயே வாங்கி ஊரிலேயே கொடுக்கும் பொருள் மட்டும். அதனால் பக்கத்தில் போடும் படமும் காரைக்குடியிலோ பரமக்குடியிலோ கிடைக்கிறதாகத்தான் இருக்கவேண்டும். விற்க முடியாததைக் காட்டிக் கூட்டம் சேர்த்தால், பிறகு நாள் முழுக்க "இல்லண்ணே, அது முடியாது" என்று பதில் எழுதிக்கொண்டு உட்காரவேண்டியதுதான்.

சரி, எப்படித்தான் ஆள் சேர்கிறது? ஒரு காதணி விழாவை வைத்தே சொல்கிறேன்.

செந்தூலில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர். இளையான்குடி பக்கம் ஊர். அக்கா மகளுக்குக் குலதெய்வம் கோவிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காது குத்து. கடையில் லீவு கிடைக்கவில்லை. அண்ணன் ஊரில் இருக்கிறார், பெரிய தாய்மாமன் அவர். இவர் சின்னவர். இருபத்தொரு தட்டு வேண்டும் என்றார்: தேங்காய், பழம், பூ, மஞ்சள் குங்குமம், வளையல், கற்கண்டு, பலகாரம், பிள்ளைக்குப் பட்டுப்பாவாடை, அக்காவுக்குச் சேலை, மச்சானுக்கு வேட்டி சட்டை.

முதலில் நான் கேட்டது பட்ஜெட் இல்லை. "அண்ணன் எத்தனை தட்டு வைக்கிறாருன்னு கேட்டீங்களா தம்பி?" கேட்கவில்லை. கேட்டுவிட்டு வந்தார், அண்ணன் பதினொன்று. இருபத்தொன்றைக் கொண்டுபோய் அதன் பக்கத்தில் வைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். சபையில் அண்ணன் முகம் சுண்டிப்போகும், அண்ணி அதைப் பத்து வருஷம் சொல்லிக் காட்டுவார், கடைசியில் "அந்த மலேசியாக் கம்பெனிதான் ஏத்திவிட்டுச்சு" என்று நம் தலையில் வந்து விழும். பேசி முடிவெடுத்தோம்: இரண்டு மாமன்மாருக்கும் சேர்த்து ஒரே வரிசை, தட்டு எல்லாம் ஒரே அளவு, மைக்கில் இரண்டு பேர் பெயரையும் சொல்வது, பெரியவர் பெயர் முதலில். எங்களுக்கு விற்பனை குறைந்தது, பரவாயில்லை.

அடுத்து வீடியோ. "கால் போட்டுருங்கண்ணே, நான் லைவா பார்த்துக்குறேன்" என்றார். முகூர்த்தம் அங்கே காலை 9 முதல் 10.30. நமக்கு இரண்டரை மணி நேரம் கூட, அதாவது இங்கே 11.30 முதல் 1 மணி. "அந்த நேரத்துல நீங்க என்ன செஞ்சுக்கிட்டு இருப்பீங்க?" "இலை போட்டுக்கிட்டு இருப்பேண்ணே" என்று அவரே சிரித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மதியம் வாழையிலைக் கடையில் போனைக் கையில் எடுத்தால் தவுக்கே, அதாவது முதலாளி, சும்மா விடுவாரா? போதாததற்கு அந்தக் கோவில் பொட்டலில் இருக்கிறது, சிக்னல் ஒரு கோடு வந்தால் பெரிய விஷயம். லைவ் வேண்டாம் என்று சொல்லிவிட்டு மூன்று துண்டு வீடியோ எடுப்பதாகப் பேசிக்கொண்டோம்.

முதல் துண்டு, அண்ணன் வீட்டுத் திண்ணையில் தட்டுகளைப் பரப்பி வைத்திருப்பது. இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பாதிப் பணம் ஆர்டரின்போது, மீதி இந்தத் துண்டைப் பார்த்த பிறகு. அதனால் இதை முதல் நாள் சாயங்காலமே எடுத்துவிடுவோம், பூவும் பழமும் மட்டும் காலையில் ஏறும். இரண்டாவது, மேளத்தோடு வரிசை நடந்து வருவது. மூன்றாவது, தட்டு அக்கா முன்னால் இறங்கும்போது மைக்கில் பெயர் சொல்வது. இந்த மூன்றாவதுதான் உயிர். பையன்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன், மேளத்துக்குப் பக்கத்தில் நிற்காதே, பெயர் காதில் விழாது, மொய் எழுதுகிற இடத்தில் ஒலிபெருக்கி இருக்கும், அதன் பக்கம் போய் நில். போனை நிமிர்த்திப் பிடித்து எடுக்கவேண்டும், ஒவ்வொன்றும் அரை நிமிடத்துக்குமேல் போகக்கூடாது, ஏனென்றால் இது போகப்போவது ஸ்டேட்டஸுக்கு.

அந்த வீடியோக்களில் எங்கள் லோகோ கிடையாது. நம்பர் கிடையாது. பையன்கள் கம்பெனி டீ-ஷர்ட் போடுவதில்லை, வேட்டி சட்டையில்தான் போவார்கள். வேனில் ஸ்டிக்கர் இல்லை, தட்டு மூடுகிற துணியிலும் எங்கள் பெயர் இல்லை. மார்க்கெட்டிங் படித்தவர்களிடம் சொன்னால் தலையில் அடித்துக்கொள்வார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள், அந்தத் தம்பி அக்கா பிள்ளைக்குச் சீர் செய்திருக்கிறார். வீடியோவின் மூலையில் ஒரு கம்பெனி பெயர் ஓடினால் அது அவர் செய்த சீராக இருக்காது, காசு கொடுத்து ஆள் வைத்துச் செய்ததாக ஆகிவிடும். அதை அவர் ஸ்டேட்டஸில் வைக்கமாட்டார். சுத்தமான வீடியோ என்றால் மதிய வியாபாரம் ஓய்ந்து மூன்றரை மணிக்கு உட்காரும்போது பார்த்துவிட்டு உடனே வைத்துவிடுவார். அவரோடு ஒரே ஹாஸ்டலில் படுக்கிறவர்கள், பக்கத்துக் கடையில் வேலை பார்க்கிற அதே ஊர்க்காரர்கள், எல்லாரும் பார்ப்பார்கள். "டேய், நீ இங்கதானே இருக்க, எப்படிடா தட்டு போச்சு?" இந்தக் கேள்வி ஒன்றுதான் எங்கள் விளம்பரம். அவர் நம்பரைக் கொடுப்பார். எங்கள் பெயர் வாய்வழியாகப் போகும், படத்தில் போகாது.

ஸ்டேட்டஸ் எனக்கு இன்னொரு விதத்திலும் உதவுகிறது. இரண்டு பக்கமும் நம்பரைச் சேமித்திருந்தால் வாடிக்கையாளர் வைக்கும் ஸ்டேட்டஸ் எனக்கும் தெரியும். வீடியோவைப் பார்த்துவிட்டார், நீலக்கோடும் விழுந்துவிட்டது, ஆனால் ராத்திரி வரை ஸ்டேட்டஸ் வைக்கவில்லை என்றால் எங்கோ ஏதோ இடிக்கிறது என்று வைத்துக்கொள்வேன். சேலை நிறம் அக்காவுக்குப் பிடிக்கவில்லையா, பலகாரம் நசுங்கியதா, பெட்டி அம்மா வீட்டுக்குப் பதிலாக மாமியார் வீட்டில் இறங்கியதா. நம்மவர்கள் முகத்துக்கு நேரே குறை சொல்லமாட்டார்கள், பேசாமல் அடுத்த தடவை வராமல் இருந்துவிடுவார்கள். அதனால் மறுநாளே நானே கூப்பிட்டுக் கேட்டுவிடுவேன், "தம்பி, ஊர்ல என்ன சொன்னாங்க?" என்று. பெரும்பாலும் ஏதாவது வெளியே வரும்.

பொதுப் பக்கத்துக்கு வேறு சரக்கு. அங்கே லோகோ உண்டு, ஆனால் ஆட்கள் இல்லை. தட்டு கட்டுவது, பலகாரப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது, சேலையை வெளிச்சத்தில் விரித்துக் காட்டுவது, இவ்வளவுதான். பிள்ளைகள் முகம் ஒருபோதும் கிடையாது, அதிலும் மஞ்சள் நீராட்டு விழாவில் ஆட்கள் பக்கம் கேமராவைத் திருப்பவே கூடாது, தட்டை மட்டும் படம் எடுத்துவிட்டு வந்துவிட வேண்டும். வீட்டில் கேட்டுத்தான் போடவேண்டுமா என்றால், ஆமாம், இரண்டு பக்கமும் கேட்டுத்தான். இங்கிருந்து காசு கொடுத்தவர் சரி என்று சொல்லிவிடுவார், அங்கே மச்சானுக்குப் பிடிக்காது. அது அவர் வீட்டு விசேஷம், நம் கடைக்கு விளம்பரம் இல்லையே.

விலையைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் "விலையைப் போடாத கடை ஏமாத்துற கடை" என்ற எண்ணம் நிறையப் பேருக்கு இருக்கிறது, அது நியாயமும்கூட. பலகாரப் பெட்டி, வேட்டி சட்டை மாதிரிச் சின்னச் சாமானுக்கு வெள்ளியில் விலை போட்டுவிடுவோம். சீர் வரிசைக்கு மட்டும் பொதுவில் விலை கிடையாது, தனியாகக் கேட்டால் சொல்வோம். எங்கள் பக்கத்தை ஊரில் இருக்கிறவர்களும் பார்க்கிறார்கள். "பதினஞ்சு தட்டு இத்தனை வெள்ளி" என்று எழுதி வைத்தால், சின்னவன் எவ்வளவு செலவழித்தான், பெரியவனுக்கு எவ்வளவு குறைத்தான் என்று ஒரு மணி நேரத்தில் தெரு முழுக்கக் கணக்குப் போட்டுவிடும். பெட்டிக்குள் பில் போகாமல் பார்ப்பதும் இதனால்தான். பலகாரப் பெட்டியில் எம்.ஆர்.பி. அச்சடித்திருக்கும், அதை ஒன்றும் செய்ய முடியாது, வாங்குகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவோம். அப்புறம், விலை போட்ட ஒவ்வொரு படத்திலும் அது எந்தத் தேதிவரை என்று எழுதவேண்டும். வாட்ஸ்அப்பில் படம் சாகாது, தீபாவளி விலைப் படத்தைப் பொங்கலுக்கு எடுத்து நீட்டுவார்கள், அதற்குள் ரூபாய்க் கணக்கு மாறியிருக்கும்.

எங்கே எதைப் போடுவது என்பதில் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை, ஒன்றைத் தவிர. இங்கே தம்பிகள் டிக்டாக்கில்தான் கிடக்கிறார்கள், ஆகவே அங்கே போட்டால் அவர்கள் கண்ணில் படும். ஆனால் இந்தியாவில் 2020 ஜூனில் டிக்டாக்கைத் தடை செய்துவிட்டார்கள். இவர் பார்த்து ரசித்து அந்த லிங்கை அக்காவுக்கு அனுப்பி "இந்தச் சேலை பிடிச்சிருக்கா" என்று கேட்டால் அங்கே ஒன்றும் திறக்காது. சேலையைத் தேர்ந்தெடுப்பது அக்கா, லிங்க் வேலை செய்யவில்லை என்றால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். அதனால் டிக்டாக்கில் போடும் ஒவ்வொன்றையும் ஃபேஸ்புக்கிலும் போட்டுவிட்டு, கேட்கிறவருக்கு வீடியோவையே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவோம்.

வாட்ஸ்அப் பிசினஸில் பிராட்காஸ்ட் லிஸ்ட் ஒன்றுக்கு 256 பேர்தான், அதிலும் நம் நம்பரைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் போய்ச் சேரும். நம்பர் சேமிக்கச் சொல்லிக் கெஞ்சுவதைவிட, முதல் ஆர்டரின்போதே "இந்த நம்பர்ல இருந்துதான் வீடியோ வரும், சேவ் பண்ணிக்கங்க" என்று சொன்னால் தானாகச் செய்துவிடுவார்கள். லிஸ்ட்டை நான் கோலாலம்பூரில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று பிரிப்பதில்லை. பிரிக்பீல்ட்ஸ், செந்தூல், கிள்ளான் என்று பிரித்து ஒரு பயனும் இல்லை. ஊர்ப்படி பிரிக்கிறேன். புதிதாக யார் கேட்டு வந்தாலும் முதல் கேள்வி "எந்த ஊர்ப் பக்கம், யார் சொன்னாங்க?" லேபிள் இருபதுதான் வைக்க முடியும் என்பதால் ஒவ்வொரு கிராமத்துக்கும் வைக்காமல் இளையான்குடி, திருவாடானை, தேவகோட்டை என்று பக்கம் பக்கமாக வைத்திருக்கிறேன். ஒரு பக்கத்தில் புதுப் பெயர்கள் வர ஆரம்பித்தால் அந்தப் பக்கத்து முளைப்பாரி, திருவிழா, காதுகுத்து சீசன் எப்போது என்று விசாரித்து அதற்கேற்ற படம் போடுவேன், தலைப்பிலேயே ஊர்ப் பெயரோடு. பக்கத்து ஊர்க்காரரும் அதை எடுத்து அவர்கள் ஊர்க் குழுவில் போட்டுவிடுகிறார். காசு கொடுத்துப் போடும் விளம்பரமும் இதற்குப் பிறகுதான், ஒரு ஊர்ப் பக்கத்தில் ஏற்கெனவே நாலைந்து பேர் எங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்த பிறகு. யாருக்கும் தெரியாத இடத்தில் விளம்பரம் போட்டால் "இது நிஜமா, ஏமாத்து வேலையா" என்ற கமெண்ட்தான் வருகிறது.

அந்தச் சந்தேகம் சும்மா இல்லை. எங்கள் படங்களை எடுத்து வேறு பெயரில் பக்கம் தொடங்கி முன்பணம் வாங்கிக்கொண்டு ஓடினவர்கள் உண்டு. அதனால் பொதுப் பக்கத்துப் படம் எல்லாவற்றிலும் கம்பெனிக் கணக்கின் பெயரை எழுதிவிடுகிறோம். டுயிட்நவ் கியூ.ஆரில் பணம் போகும்முன் யார் பெயருக்குப் போகிறது என்று திரையில் காட்டும், அந்தப் பெயர் வேறாக இருந்தால் அனுப்பாதீர்கள் என்று பக்கத்தின் மேலேயே ஒட்டி வைத்திருக்கிறோம்.

பணம் என்றதும் இன்னொன்று. "அப்படியே தட்டுல ஐயாயிரத்து ஒண்ணு வச்சிருங்கண்ணே, நான் இங்க வெள்ளியாத் தந்துர்றேன்" என்று வாரத்துக்கு ஒருவராவது கேட்பார். பார்க்கச் சின்ன விஷயம், மொய்ப் பணம்தானே. ஆனால் இங்கே வெள்ளி வாங்கிக்கொண்டு அங்கே ரூபாய் கொடுப்பது பணம் அனுப்பும் தொழில், அதற்கு 2011ஆம் ஆண்டு பணச் சேவைச் சட்டப்படி மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் உரிமம் வேண்டும். உரிமம் இல்லாமல் செய்தால் அது உண்டியல். நாங்கள் செய்வதில்லை, கமெண்டில் யாராவது "பணமும் குடுப்பீங்களா" என்று கேட்டால் பொதுவிலேயே இல்லை என்று எழுதிவிடுவோம், தனியாக வந்து பேசுங்கள் என்று எழுதினால் படிக்கிறவர் வேறு மாதிரி நினைப்பார். செந்தூல் தம்பியும் கேட்டார். தோடு வாங்கவும் மொய்க்கும் வங்கி வழியாக அண்ணனுக்கு அனுப்பச் சொன்னேன், அண்ணன் தோட்டை வாங்கித் தட்டில் வைத்தார், மடியில் உட்கார வைத்தவரும் அவர்தான் என்பதால் பொருத்தமாகவும் போயிற்று.

இப்போது தீபாவளி வேலை. 2026இல் தீபாவளி நவம்பர் 8. இங்கே சட்டப்படி சம்பளம் அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் கொடுத்தால் போதும். அப்படியானால் அக்டோபர் சம்பளம் சிலருக்குத் தீபாவளிக்கு முதல் நாள்தான் கையில் வரும், அதை நம்பி நவம்பரில் படம் போட்டால் பிரயோஜனமில்லை. நமக்கு இருப்பது செப்டம்பர் சம்பளம், அதாவது அக்டோபர் முதல் பத்து நாள். சேலை, வேட்டி படங்கள் செப்டம்பர் கடைசியிலேயே போகவேண்டும், ஊரில் அக்கா பார்த்து நிறம் சொல்ல ஒரு வாரம் ஆகும். பலகாரத்துக்கு அக்டோபர் 20 வரை ஆர்டர் வாங்கிவிட்டு, கடைசி வாரத்தில் முறுக்கு, அதிரசம் மாதிரித் தாங்குகிறதை முதலில் கொடுத்துவிட்டு, பால் இனிப்பைத் தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால்தான் கொடுப்போம். அட்வான்ஸ் கொடுக்கும் தவுக்கேமாரை நம்பி நவம்பர் முதல் வாரத்தில் ஓடி வருகிறவர்களுக்கென்று ஒன்றே ஒன்று வைத்திருப்போம், தேவகோட்டையிலேயே கையிருப்பில் உள்ள வேட்டி சட்டையும் காரப் பெட்டியும், அதுவும் வேன் போகிற ஊர்களுக்கு மட்டும். எந்தெந்த ஊர் என்று அந்தப் படத்திலேயே எழுதிவிடுகிறேன், கேட்டுவிட்டு ஏமாறவேண்டாம்.